ஆப் தமிழில், மெசேஜ் மட்டும் வேறு மொழியில்: காரணங்களும் மாற்றும் வழிகளும்

என் அத்தை திருநெல்வேலியில் இருக்கிறார். வயது 64. தமிழ் மட்டும்தான் வாசிப்பார். பொருள் வாங்கும் ஆப் ஒன்றைத் தமிழில் வைத்துக்கொண்டு அவரே தேடி, அவரே ஆர்டர் போட்டு, அவரே பணமும் கட்டுவார். ஒரு நாள் காலையில் அந்த ஆப்பிலிருந்து அவர் போனுக்கு ஒரு நோட்டிஃபிகேஷன் வந்தது. இன்று பொருள் வருகிறது, வீட்டில் இல்லையென்றால் இதைத் தொட்டு வேறு நாளைத் தேர்ந்தெடுங்கள் என்று ஆங்கிலத்தில் இருந்தது. அத்தை அதை விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டார். டெலிவரிக்கு வந்தவர் பூட்டிய வீட்டைப் பார்த்துத் திரும்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் அத்தை போனில் கேட்டார்: “ஏய்யா, ஆப்பு முழுக்கத் தமிழ்லதான இருக்கு, அப்புறம் வர்ற சேதி மட்டும் ஏன் இங்கிலீஷ்ல வருது? இன்னொண்ணு இந்தியில வேற வருது.”

ஆப்களுக்குத் தமிழ் வாசகங்கள் எழுதிக் கொடுப்பது என் வேலை. அதனால் இந்தக் கேள்வி எனக்குப் பழக்கமானதுதான். ஆனால் அத்தையின் போனில் ஒரே கடை மூன்று விதமாகப் பேசிக்கொண்டிருந்தது: ஆப் தமிழில், சலுகை அறிவிப்பு இந்தியில், ஆர்டர் அறிவிப்பும் மெயிலும் எஸ்எம்எஸ்ஸும் ஆங்கிலத்தில். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, அதனால் சரிசெய்யும் வழியும் வேறு. அதையே உதாரணமாக வைத்து முழுவதையும் சொல்கிறேன்.

மொழி இரண்டு இடங்களில் இருக்கிறது

ஆப்பைத் திறந்ததும் நீங்கள் பார்க்கும் பொத்தான்களும் தலைப்புகளும் பெரும்பாலும் உங்கள் போனுக்குள்ளேயே இருக்கின்றன. பல ஆப்களில், இறக்கும்போதே தமிழ், ஆங்கிலம், இந்தி வாசகங்களும் சேர்ந்து வந்துவிடும். போன் எந்த மொழியில் இருக்கிறது, அல்லது ஆப்புக்குள் எந்த மொழியைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று பார்த்து, அந்த வாசகங்களை எடுத்துத் திரையில் காட்டுகிறது. இதற்கு நிறுவனத்தின் சர்வரை எதுவும் கேட்கத் தேவையில்லை.

மெயிலும் எஸ்எம்எஸ்ஸும் அப்படி இல்லை. அவற்றை எழுதுவது சர்வர். எழுதும் நேரத்தில் உங்கள் போன் அணைந்துகூடக் கிடக்கலாம். அதனால் சர்வர் உங்கள் கணக்கை எடுத்து, அதில் மொழி என்ற கட்டத்தில் என்ன பதிந்திருக்கிறது என்று பார்க்கிறது. அங்கே ஆங்கிலம் என்று இருந்தால் ஆங்கில டெம்ப்ளேட்டை எடுத்து உங்கள் பெயரையும் ஆர்டர் எண்ணையும் நிரப்பி அனுப்பிவிடும். உங்கள் போனில் ஆப் தமிழில் இருக்கிற விஷயம் அதற்குத் தெரியாது. யாராவது சொல்லியிருந்தால்தான் தெரியும்.

அந்தக் கட்டத்தை முதலில் நிரப்பியது யார்? பல சமயம் நீங்கள் இல்லை. கணக்குத் தொடங்கிய நாளில் எந்தக் கருவி கையில் இருந்ததோ அதுதான். பிரவுசரில் தொடங்கியிருந்தால், ஒவ்வொரு பக்கத்தைக் கேட்கும்போதும் பிரவுசர் இப்படி ஒரு வரியைச் சேர்த்து அனுப்பும்:

```
Accept-Language: en-IN,en;q=0.9,ta;q=0.8
```

முதல் விருப்பம் ஆங்கிலம், அடுத்ததுதான் தமிழ் என்று பொருள். சர்வர் முதலில் உள்ளதை எடுத்துக் கணக்கில் எழுதிவிடும். சில சேவைகள் இதைக்கூடப் பார்க்காமல், எந்த நாட்டு இணைய முகவரியிலிருந்து வந்தீர்கள் என்று பார்த்து முடிவு செய்யும். ஜெர்மனிக்கோ பிரான்சுக்கோ குடிபோனவர்கள் அங்கே போய்த் தொடங்கிய கணக்குகளுக்கு அந்த ஊர் மொழியில் மெயில் வருவது இப்படித்தான்.

அத்தையின் கணக்கைத் தொடங்கியது அவர் மகன், தன் அலுவலக மடிக்கணினியில். அதில் எல்லாமே ஆங்கிலம். ஆறேழு மாதம் கழித்து அத்தை ஆப்பில் தமிழைத் தேர்ந்தெடுத்தபோது மாறியது போனில் இருக்கிற மொழி மட்டும். கணக்கில் எழுதியிருந்தது அப்படியே இருந்தது.

நன்றாக எழுதப்பட்ட ஆப் என்றால், ஆப்புக்குள் மொழியை மாற்றியவுடன் சர்வருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடும். பல ஆப்கள் சொல்வதில்லை. சில ஆப்கள் லாகின் செய்யும்போது மட்டும் சொல்லும். இன்னும் சில தவறான மொழியைச் சொல்லும். ஆண்ட்ராய்டு 13 முதல், போன் ஆங்கிலத்தில் இருக்க ஒரு ஆப்பை மட்டும் தமிழில் வைக்கலாம். ஆனால் சர்வருக்குத் தகவல் அனுப்பும் பகுதியை எழுதியவர் ஆப்பின் மொழியைக் கேட்காமல் போனின் மொழியைக் கேட்டிருந்தால், திரை தமிழில் இருக்கும், சர்வருக்கு “ஆங்கிலம்” என்று போய்ச்சேரும். இந்தத் தவறை நான் வேலையில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நோட்டிஃபிகேஷன் ஏன் தனி ரகம்

நோட்டிஃபிகேஷன் போனில்தான் தோன்றுகிறது, அதனால் அது ஆப்பின் மொழியில் வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் அதை அனுப்ப இரண்டு வழிகள் உள்ளன. ஆண்ட்ராய்டுக்குப் பெரும்பாலும் பயன்படும் கூகுளின் அனுப்பும் சேவையில் அவை இப்படி இருக்கும்:

```
"body": "Your order is out for delivery"
```

```
"body_loc_key": "ORDER_OUT_FOR_DELIVERY"
```

முதல் வழியில் சர்வர் வாக்கியத்தையே எழுதி அனுப்புகிறது. போன் அதைத் தொடாமல் காட்டும். கணக்கில் ஆங்கிலம் இருந்தால் ஆங்கிலம்தான். இரண்டாவது வழியில் சர்வர் ஒரு அடையாளச் சொல்லை மட்டும் அனுப்புகிறது. அதற்குரிய வாசகத்தைத் தன்னிடம் இருக்கும் மொழியில் தேடிக் காட்ட வேண்டியது ஆப்பின் வேலை. ஐபோனிலும் இதே போல `loc-key` என்று ஒன்று உண்டு. இரண்டாவது வழியில் வந்தால் ஆப் எந்த மொழியோ அறிவிப்பும் அந்த மொழி. ஆனால் புதிய வாசகம் சேர்க்க வேண்டுமென்றால் ஆப்பையே புதுப்பிக்க வேண்டியிருக்கும் என்பதால், பல நிறுவனங்கள் முதல் வழியையே பிடித்துக்கொள்கின்றன.

இந்தியில் வந்த சலுகை அறிவிப்புக்குக் காரணம் வேறு. லட்சக்கணக்கானவர்களுக்கு ஒரே சேதியை அனுப்பும்போது ஒவ்வொரு கணக்கையும் திறந்து பார்ப்பதில்லை. “இந்தி சலுகைகள்”, “தமிழ் சலுகைகள்” என்று குழுக்கள் இருக்கும். ஆப்பை முதலில் திறந்து மொழியைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த மொழிக் குழுவில் உங்கள் போன் சேர்ந்துவிடும். பிறகு மொழியை மாற்றினால், பழைய குழுவிலிருந்து வெளியே வந்து புதியதில் சேர வேண்டும். ஆப்பை எழுதியவர் வெளியே வருவதை மறந்திருந்தால், பழைய குழுவின் சேதிகள் வந்துகொண்டே இருக்கும். சில சமயம் ஒரே சலுகை இரண்டு மொழியிலும் வரும்.

அத்தையின் போன் புனேயில் வாங்கியது. கடையில் ஆப்பைத் திறந்து காட்டியவர் இந்தியைத் தொட்டிருக்கிறார். அங்கேயே அந்தப் போன் இந்திக் குழுவில் சேர்ந்துவிட்டது.

மாற்றும் முன் இரண்டு நாள் கவனியுங்கள்

எடுத்தவுடன் செட்டிங்ஸைத் தொடாதீர்கள். எது எந்த மொழியில் வருகிறது என்று இரண்டு நாள் பார்த்துக் குறித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. உங்கள் பெயரோ ஆர்டர் எண்ணோ இருக்கிற அறிவிப்பு எந்த மொழி? எல்லோருக்கும் பொதுவான சலுகை எந்த மொழி? இரண்டும் வேறு வேறு என்றால் மேலே சொன்ன குழுச் சிக்கல் இருக்கிறது. இரண்டும் ஒரே அந்நிய மொழி என்றால் கணக்கில்தான் மொழி மாறவில்லை.

மெயிலில் இன்னொரு தடயம் உண்டு. அதில் உள்ள ஒரு இணைப்பை அழுத்திப் பிடித்தால் முகவரி தெரியும். பல சமயம் அதற்குள்ளேயே மொழி எழுதியிருக்கும்:

```
https://example.com/track?order=1182&locale=en_IN
```

`en_IN` என்றால் இந்திய ஆங்கிலம், `hi_IN` என்றால் இந்தி, `ta_IN` என்றால் தமிழ். கணக்கில் எந்த மொழி பதிந்திருக்கிறது என்பதற்கு இது நல்ல சாட்சி. சில சமயம் `ta_IN` என்று இருந்தும் மெயில் ஆங்கிலத்தில் இருக்கும். அப்படியானால் உங்கள் கணக்கில் தமிழ் சரியாக இருக்கிறது, அந்த மெயிலுக்கு அவர்களிடம் தமிழ் டெம்ப்ளேட் இல்லை. அதற்கு மேல் செட்டிங்ஸில் தேடிப் பயனில்லை.

இதற்கு முன், வந்தது உண்மையிலேயே அந்த மொழிதானா என்றும் பாருங்கள். ஜிமெயில் ஆப் மெயில்களை மொழிபெயர்த்துக் காட்டும் வசதி வைத்திருக்கிறது. எப்போதோ ஒருமுறை தானாக மொழிபெயர்க்கச் சொல்லியிருந்தால், அனுப்பிய மொழி ஒன்று, நீங்கள் பார்க்கும் மொழி வேறு என்று ஆகியிருக்கும். மெயிலின் தலைப்பகுதியில் அசல் மெயிலைக் காட்டும் இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

முதல் படி: போனும் ஆப்பும்

ஆண்ட்ராய்டு 13 அல்லது அதற்குப் பிந்தைய போனில் செட்டிங்ஸுக்குள் “System”, அதற்குள் “Languages”, அதற்குள் “App languages”. சாம்சங் போனில் “General management” என்பதற்குள் “App languages” இருக்கும். அங்கே அந்த ஆப்பைத் தேடித் தமிழைத் தேர்ந்தெடுங்கள். ஐபோனில் செட்டிங்ஸில் அந்த ஆப்பின் பக்கத்துக்குப் போனால் “Language” என்ற வரி இருக்கும். அந்த வரியே காணவில்லை என்றால், “General” என்பதற்குள் “Language & Region” பக்கத்தில் தமிழையும் இரண்டாவது மொழியாகச் சேர்த்துவிட்டுத் திரும்பி வாருங்கள். ஒரே மொழி மட்டும் இருக்கும் ஐபோனில் அந்த வரி தோன்றாமல் இருக்கலாம்.

தமிழைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று நாடும் கேட்கலாம். திரையில் காட்டும் தமிழில் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆனால் சர்வருக்கு `ta-IN`, `ta-LK`, `ta-SG` என்று வேறு வேறாகப் போகும். சர்வரில் தமிழ் டெம்ப்ளேட்டை `ta-IN` என்ற பெயரில் மட்டும் வைத்திருந்து, பெயர் அச்சாகப் பொருந்தினால்தான் எடுக்கும் என்று எழுதியிருந்தால், சிங்கப்பூர்த் தமிழ் வைத்திருப்பவருக்கு ஆங்கிலம் போகும். இந்திய நிறுவனத்தின் ஆப் என்றால் தமிழ் (இந்தியா) என்பதையே வைத்துப் பாருங்கள். சிங்கப்பூரில் இருக்கும் ஒரு நண்பருக்கு இந்த ஒரு மாற்றத்திலேயே சரியானது.

இரண்டாம் படி: கணக்கு

மிக முக்கியமான படி இது. கணக்கில் பதிந்திருக்கும் மொழியை ஆப்பை விட இணையதளத்தில் மாற்றுவது நல்லது. ஆப்பில் இருக்கும் “மொழி” என்ற வரி திரையை மட்டும் மாற்றக்கூடும். இணையதளத்தில் லாகின் செய்தபின் வரும் மொழித் தேர்வு பெரும்பாலும் கணக்கிலேயே எழுதும். லாகின் செய்யாமல் மாற்றினால் அது அந்தப் பிரவுசரில் மட்டும் தங்கும், கணக்குக்குப் போகாது. இதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள்.

அமேசான் இந்தியாவில் தமிழ் 2020-இல் வந்தது. லாகின் செய்து, மேலே தேடல் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் மொழிக் குறியைத் தொட்டு, மொழி அமைப்புப் பக்கத்துக்குப் போங்கள். உலாவுவதற்கும் வாங்குவதற்கும் மட்டுமல்ல, தகவல் தொடர்புக்கும் இந்த மொழிதான் என்று அந்தப் பக்கமே சொல்லும். தமிழைத் தொட்டால் மட்டும் போதாது, கீழே இருக்கும் சேமிக்கும் பொத்தானையும் அழுத்த வேண்டும். எல்லாத் தளங்களும் இப்படி ஒரே இடத்தில் வைப்பதில்லை. “Communication language”, “Preferred language”, “Email language” என்று ஏதாவது ஒரு பெயரில், கணக்கு விவரங்களுக்குள்ளோ அறிவிப்பு அமைப்புகளுக்குள்ளோ தனியாக வைத்திருப்பார்கள். இரண்டு இடத்தையும் பாருங்கள்.

கூகுள் கணக்குக்கு நேரான முகவரி உண்டு:

```
myaccount.google.com/language
```

அங்கே “Preferred language” என்பதற்குப் பக்கத்தில் இருக்கும் பென்சிலைத் தொட்டுத் தமிழுக்கு மாற்றுங்கள். இது கூகுளின் இணையச் சேவைகளுக்கான மொழி. போனில் இருக்கும் கூகுள் ஆப்களின் மொழியை இது மாற்றாது, அவை போனின் மொழியைப் பார்க்கும். அதே போல ஜிமெயிலுக்குள் இருக்கும் மொழி அமைப்பு ஜிமெயிலின் பொத்தான்களை மட்டும்தான் மாற்றும், உங்களுக்கு வரும் மெயில்களை அது தொடாது. அந்தப் பக்கத்தில் உங்கள் பயன்பாட்டைப் பார்த்துக் கூகுள் தானாகச் சேர்த்த மொழிகளும் இருக்கலாம். நீங்கள் சேர்க்காத மொழி அங்கே கிடந்தால் நீக்கிவிடுங்கள்.

பிரவுசரின் மொழியையும் ஒருமுறை பாருங்கள். கணினியில் உள்ள குரோமில் `chrome://settings/languages` என்று தட்டினால் பட்டியல் வரும். தமிழை எல்லாவற்றுக்கும் மேலே கொண்டுவந்தால், இனி அதில் புதிதாகத் தொடங்கும் கணக்குகளாவது தமிழில் தொடங்க வாய்ப்புண்டு.

மூன்றாம் படி: சர்வருக்குத் தெரியப்படுத்துங்கள், பிறகு சோதியுங்கள்

கணக்கில் மாற்றியபின் போனில் ஆப்பை முழுவதும் மூடித் திறங்கள். அப்படியும் போதவில்லை என்றால் லாக் அவுட் செய்து மீண்டும் லாகின் செய்யுங்கள். லாகின் நேரத்தில் மட்டும் மொழியைச் சொல்லும் ஆப்கள் இதற்குத்தான் காத்திருக்கின்றன.

சோதிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. லாகின் பக்கத்தில் “பாஸ்வேர்டு மறந்துவிட்டது” என்பதைத் தொடுங்கள். ஒரு நிமிடத்தில் மெயில் வரும். அது தமிழில் வந்தால் பெரும்பாலும் கணக்கில் மொழி மாறிவிட்டது. அந்த மெயிலில் உள்ள இணைப்பைத் தொடாமல் விட்டுவிடுங்கள், பழைய பாஸ்வேர்டு அப்படியே இருக்கும். இந்த மெயில் ஆங்கிலத்திலேயே வந்தால் உடனே மனம் தளர வேண்டாம். பாதுகாப்பு மெயில்களை அனுப்பும் ஏற்பாடும் ஆர்டர் மெயில்களை அனுப்பும் ஏற்பாடும் சில நிறுவனங்களில் தனித்தனி. அடுத்த ஆர்டருக்கு வரும் மெயிலையும் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

விளம்பர மெயில்களைப் பொறுத்தவரை சில நாள் பொறுக்க வேண்டும். யாருக்கு எந்த மொழி என்ற பட்டியலை முன்பே பிரித்து வைத்து அனுப்புவார்கள். நீங்கள் இன்று மாற்றினாலும் நேற்று பிரித்த பட்டியலில் பழைய மொழிதான் இருக்கும். ஒரு வாரம் தாண்டியும் வந்தால், அந்த மெயிலின் அடியில் “Preferences” அல்லது “Manage subscription” என்ற இணைப்பு இருக்கும். விளம்பர மெயிலை வேறொரு நிறுவனத்தின் மூலம் அனுப்புகிறவர்கள் மொழியையும் அந்தப் பக்கத்தில் தனியாகவே வைத்திருக்கக்கூடும்.

நான்காம் படி: பிடிவாதமான நோட்டிஃபிகேஷன்

கணக்கு மாறி, மெயிலும் தமிழில் வந்து, சலுகை அறிவிப்பு மட்டும் பழைய மொழியில் வந்துகொண்டிருந்தால் அது குழுச் சிக்கல்தான். குழுவில் சேர்ந்திருப்பது உங்கள் கணக்கு அல்ல. அந்தப் போனில் அந்த ஆப்புக்குக் கொடுக்கப்பட்ட ஒரு அடையாள எண்தான் சேர்ந்திருக்கிறது. அந்த எண் மாறினால் பழைய குழுத் தொடர்பும் அறுந்துவிடும்.

முதலில் ஆப்பிலேயே மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றி, ஒரு நிமிடம் விட்டு, மறுபடி தமிழுக்கு மாற்றிப் பாருங்கள். சில ஆப்களில் இதுவே போதும். போதவில்லை என்றால் செட்டிங்ஸில் “Apps” என்பதற்குள் அந்த ஆப்பைத் திறந்து, “Storage & cache” பக்கத்தில் “Clear storage” என்பதைத் தொடுங்கள். பக்கத்திலேயே இருக்கும் “Clear cache” என்பதால் பயனில்லை, அது அடையாள எண்ணைத் தொடாது. ஐபோனில் இந்த வசதி இல்லை, ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி இறக்க வேண்டும். பிறகு திறக்கும்போது முதல் திரையில் மொழி கேட்டால் நிதானமாகத் தமிழைத் தொடுங்கள். கேட்காமல் பழைய மொழியிலேயே திறந்தால், கூகுள் பேக்கப்பிலிருந்து பழைய அமைப்பு திரும்பி வந்திருக்கும். அப்போது லாகின் செய்வதற்கு முன் மொழியை மாற்றிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. வங்கி ஆப், யூபிஐ ஆப், ஓடிபி எண்களை உருவாக்கித் தரும் ஆப் ஆகியவற்றில் இதைச் செய்யாதீர்கள். வங்கி, யூபிஐ ஆப்களில் சிம் சரிபார்ப்பிலிருந்து எல்லாவற்றையும் மீண்டும் செய்ய வேண்டிவரும். ஓடிபி ஆப்பில் சேமித்திருக்கும் கணக்குகளே போய்விடலாம். மற்ற ஆப்களிலும் பாஸ்வேர்டு தெரியுமா, பதிவிறக்கி வைத்த படமோ பாட்டோ அழிந்தால் பரவாயில்லையா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

இன்னொரு சின்ன விஷயமும் கண்ணில் படலாம். நோட்டிஃபிகேஷனை அழுத்திப் பிடித்தால் அது எந்த வகை என்று ஒரு பெயர் தெரியும்: “ஆர்டர்கள்”, “சலுகைகள்” என்பதுபோல. சேதி தமிழில் வந்தும் இந்தப் பெயர் மட்டும் பழைய மொழியில் இருக்கலாம். அந்தப் பெயரை ஆப் எந்த மொழியில் பதிந்ததோ அப்படியே ஆண்ட்ராய்டு வைத்துக்கொள்ளும். மொழி மாறியதும் ஆப்தான் மறுபடி பதிய வேண்டும். இதனால் சேதியின் மொழிக்கு எந்தப் பாதிப்பும் இல்லை.

எஸ்எம்எஸ் ஏன் மசியாது

மற்ற எல்லாம் சரியான பிறகும் எஸ்எம்எஸ் ஆங்கிலத்திலேயே வருவதை நிறையப் பேர் சொல்வார்கள். இதற்கு இரண்டு காரணங்கள்.

ஒன்று, விதிமுறை. இந்தியாவில் நிறுவனங்கள் நினைத்த வாசகத்தை எஸ்எம்எஸ்ஸில் அனுப்ப முடியாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிகளின்படி ஒவ்வொரு வாசகத்தையும் டெம்ப்ளேட்டாக முன்கூட்டியே பதிவு செய்து ஒப்புதல் வாங்க வேண்டும். மாறும் இடங்களை மட்டும் குறியிட்டு விட்டுவைப்பார்கள். தமிழில் அனுப்ப வேண்டுமானால் அந்தத் தமிழ் வாசகத்தையும் தனியாகப் பதிய வேண்டும். பத்து மொழி என்றால் பத்துப் பதிவு.

இரண்டு, செலவு. ஆங்கில எஸ்எம்எஸ் ஒன்றில் 160 எழுத்துகள் அடங்கும். தமிழ் வந்துவிட்டால் 70தான். அந்த 70-உம் நாம் எண்ணுவது போல எண்ணப்படாது. “உங்கள் ஆர்டர் இன்று வரும்” என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு 14 எழுத்து, 3 இடைவெளி, ஆக 17. கணினிக்கு 25. புள்ளி ஒன்று, உகரக் கொக்கி ஒன்று என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக எண்ணப்படுகிறது. “ங்” என்பது அதற்கு இரண்டு எழுத்து. பெயர், ஆர்டர் எண், இணைப்பு எல்லாம் சேர்ந்தால் தமிழ் வாசகம் சுலபமாக இரண்டு, மூன்று எஸ்எம்எஸ் ஆகிவிடும், கட்டணமும் அதற்கேற்பக் கூடும். தமிழில் ஆப் வைத்திருக்கும் நிறுவனம்கூட எஸ்எம்எஸ்ஸை ஆங்கிலத்தில் விட்டுவைக்க இது பெரிய காரணம். இந்தக் கணக்கைச் சொல்லித் தமிழ் வாசகத்தைச் சுருக்கச் சொல்வார்கள். சுருக்கி எழுதினால் 70-க்குள் அடக்கவும் முடிகிறது. முடியும் என்று தெரிந்தும் முயலாமல் விடுவதுதான் எனக்கு வருத்தம்.

வங்கி, தொலைபேசி நிறுவனம் போன்ற இடங்களில் சேதிக்கான மொழியைத் தனியாகப் பதியும் வசதி இருக்கலாம். அது ஆப்பில் தெரியாவிட்டால் வாடிக்கையாளர் சேவையிலோ கிளையிலோ கேட்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் நிறுவனங்கள் அனுப்பும் சேதிகளும் கிட்டத்தட்ட இதே கதைதான். உங்கள் வாட்ஸ்அப் தமிழில் இருப்பதை அவை பார்ப்பதில்லை. நிறுவனம் ஒப்புதல் வாங்கிய டெம்ப்ளேட்டை `ta` அல்லது `en` என்று மொழிக் குறியோடு அனுப்புகிறது, அதுதான் உங்களுக்கு வரும். அந்த உரையாடலில் “Hi” என்று பதில் போட்டுப் பாருங்கள். தானாகப் பதில் சொல்லும் ஏற்பாடு இருந்தால் பலவற்றில் மொழியைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் வரும்.

சேவை மையத்துக்கு எழுதும்போது

எல்லாம் செய்தும் மாறவில்லை என்றால் எழுதித்தான் கேட்க வேண்டும். “மெசேஜ் தமிழில் வரவில்லை” என்று மட்டும் எழுதினால், ஆப்பில் மொழியை மாற்றும் வழியைப் பதிலாக அனுப்பிவிடுவார்கள். நீங்கள் அதைத் தாண்டி வந்துவிட்டீர்கள் என்பது முதல் வரியிலேயே தெரிய வேண்டும். இப்படி எழுதலாம்:

“ஆப்பிலும் இணையதளத்திலும் மொழியைத் தமிழுக்கு மாற்றிவிட்டேன், இரண்டும் தமிழில் சரியாகத் தெரிகின்றன. ஆனால் ஆர்டர் தொடர்பான மெயில்கள் இன்னும் ஆங்கிலத்தில் வருகின்றன. 12-ஆம் தேதி காலை 9.40-க்கு வந்த மெயிலைப் படமாக இணைத்துள்ளேன். என் கணக்கில் தகவல் தொடர்பு மொழியாக எது பதிவாகியுள்ளது என்று பார்த்துச் சொல்லவும். அது தமிழ் இல்லை என்றால் தமிழுக்கு மாற்றவும். ஏற்கனவே தமிழ் என்றால், இந்த மெயிலுக்குத் தமிழ் டெம்ப்ளேட் உங்களிடம் உள்ளதா என்று தெரிவிக்கவும்.”

கடைசி இரண்டு கேள்விகள்தான் முக்கியம். அவற்றுக்குப் பதில் சொல்ல அவர் உங்கள் கணக்கைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். டெம்ப்ளேட் இல்லை என்று பதில் வந்தால், வேண்டும் என்று எழுதிப் பதிவு செய்யுங்கள். எந்த வாசகத்தை முதலில் தமிழாக்குவது என்று எங்களிடம் பட்டியல் தரும்போது, வாடிக்கையாளர்கள் எழுதிக் கேட்டவையும் அதில் வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

அத்தையின் கணக்கை அவர் மகனின் உதவியோடு இணையதளத்தில் திறந்து மொழியை மாற்றினோம். பாஸ்வேர்டு மெயில் தமிழில் வந்தது. போனில் ஆப்பின் சேமிப்பை அழித்துத் திறந்தபோது அது மொழி கேட்டது. அத்தையே தமிழைத் தொட்டார். அன்றோடு இந்தி அறிவிப்பு நின்றது. அடுத்த வாரம் பருப்பும் எண்ணெயும் ஆர்டர் போட்டபோது “உங்கள் ஆர்டர் இன்று வருகிறது” என்று அறிவிப்பு வந்ததும் எனக்குப் போன் போட்டு வாசித்துக் காட்டினார். எஸ்எம்எஸ் இன்னும் ஆங்கிலத்தில்தான் வருகிறது. அதில் இருக்கும் நான்கு எண்களைப் பொருள் கைக்கு வந்த பிறகு டெலிவரிக்காரரிடம் சொல்ல வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். அந்த நிறுவனத்துக்குத் தமிழ் எஸ்எம்எஸ் கேட்டு அத்தையின் பெயரிலேயே எழுதியிருக்கிறேன்.